64 பக்க இன்டர்ன்ஷிப் அறிக்கை, "இதில் நீ எங்கே?" என்று திரும்பி வந்துவிட்டது

பட்டரவாக்கம்_லோக்கல்

மெக்கானிக்கல் நான்காம் ஆண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் மோல்டிங் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் 6 வாரம் இன்டர்ன்ஷிப் முடித்தேன். கிரெடிட்டுக்கு இறுதி அறிக்கை கொடுக்க வேண்டும், அப்புறம் வெளித்தேர்வர் முன்னால் வைவா. நேற்று கைடிடம் வரைவைக் காட்டினேன். பத்து நிமிடம் புரட்டிவிட்டு, "கம்பெனி இருக்கிறது, மெஷின் இருக்கிறது, நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை.

என் அறிக்கை இப்படி இருக்கிறது. முன்பக்கங்கள் 7. கம்பெனி பற்றி 19 பக்கம். இன்ஜெக்‌ஷன் மோல்டிங் தியரி 21 பக்கம். அங்கே இருக்கும் மெஷின்கள் 11 பக்கம். நான் பார்த்த வேலை 5 பக்கம். முடிவுரை 1 பக்கம். எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்தேன். சமர்ப்பிக்க இன்னும் 9 நாள் இருக்கிறது. எதை மாற்ற வேண்டும்?

கிண்டி_சீனியர்

தம்பி, பயப்படாதே. 64 பக்கம் நல்ல அளவுதான், 60-க்குக் கீழே போகாதே. மெல்லிசாக இருந்தால் கையில் எடுத்ததும் மார்க் குறைந்துவிடும். என் அனுபவத்தில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது முன்பக்கங்களில். கல்லூரியின் போனஃபைட், கம்பெனி சர்டிஃபிகேட், இரண்டிலும் உன் பெயரும் பதிவெண்ணும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தலைப்பு மூன்று இடத்தில் வரும், மூன்றும் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். அப்ஸ்ட்ராக்ட் ஒரே பக்கம், இரட்டை இடைவெளி, டைம்ஸ் நியூ ரோமன் 14. அண்ணா யுனிவர்சிட்டி புராஜெக்ட் ஃபார்மட் அதுதான், எங்கள் டிபார்ட்மென்ட்டில் இன்டர்ன்ஷிப்புக்கும் அதையே கேட்டார்கள்.

நீ செய்த வேலை குறைவாகத் தெரிந்தால் டெய்லி டைரியை அப்படியே நான்காவது அத்தியாயமாகப் போட்டுவிடு. 36 நாள், 36 பக்கம். "நீ எங்கே" என்று யாரும் கேட்க முடியாது.

சிவப்புப்_பேனா

முன்பக்கங்களைப் பற்றிச் சீனியர் சொன்னது சரி. பக்க எண்ணிக்கையும் டைரியும் சரியில்லை.

நான் பதினைந்து வருடமாக வெளித்தேர்வராகப் போகிறேன். ஒரு நாளில் முப்பது பேர் வருவார்கள், ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்த நேரத்தில் நான் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. முதலில் கம்பெனி சர்டிஃபிகேட்டில் தேதியைப் பார்ப்பேன். அடுத்து அப்ஸ்ட்ராக்ட். அடுத்து பொருளடக்கத்தில் வலது ஓரத்தில் இருக்கும் பக்க எண்கள். உங்களுடையதில் அந்த எண்களே கதையைச் சொல்லிவிடும். தியரி 27-ஆம் பக்கம் தொடங்குகிறது, சொந்த வேலை 59-இல் தொடங்கி 63-இல் முடிகிறது. உங்கள் கைடும் அதைத்தான் பார்த்திருப்பார். அதற்கப்புறம் நேராகக் கடைசி அத்தியாயம், கடைசியாகப் பிற்சேர்க்கை. மார்க் பெரும்பாலும் இதற்குள் மனதில் விழுந்துவிடும், வைவா அதைக் கொஞ்சம் மேலே கீழே நகர்த்தும்.

வடிவத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். ஆறு வாரத்தில் நீங்கள் உங்கள் கையால் என்ன செய்தீர்கள்? தியரி வேண்டாம். பக்கத்து வீட்டு மாமாவிடம் சொல்வது போலச் சொல்லுங்கள்.

பட்டரவாக்கம்_லோக்கல்

சார், பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மெஷினில் நைலான் மூடி ஒன்று ஓடும். ஒரு ஷாட்டுக்கு நாலு மூடி, அதாவது மோல்டில் நாலு கேவிட்டி. ரிஜெக்ட் அதிகம் என்று சூப்பர்வைசர் புலம்பிக்கொண்டே இருந்தார். பெரும்பாலும் ஷார்ட் ஷாட், ஓரம் நிரம்பாமல் வரும் பீஸ். ரிஜெக்ட் தொட்டியை ஷிஃப்ட் முடிவில் மொத்தமாக எண்ணி எழுதுவார்கள், எந்தக் கேவிட்டியில் வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. மூடியின் உள்பக்கம் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். நான் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் அதைப் பார்த்துப் பிரித்து எண்ண ஆரம்பித்தேன். 6 ஷிஃப்ட் எண்ணினேன்.

மொத்தம் ஓடியது 16,800. ரிஜெக்ட் 588. கேவிட்டி வாரியாக 84, 91, 338, 75. மூன்றாவதுதான் மோசம். சூப்பர்வைசரிடம் காட்டினேன். மோல்டை இறக்கிப் பார்த்தபோது மூன்றாவதில் வென்ட் அடைத்திருந்தது, காற்று வெளியேறுகிற அந்த மெல்லிய வழி. டூல்ரூமில் சுத்தம் செய்து ஏற்றினார்கள். அதற்கப்புறம் எனக்கு 2 ஷிஃப்ட்தான் கிடைத்தது. 5,600 ஓடியது, ரிஜெக்ட் 118. அதில் 27, 30, 34, 27.

அப்ஸ்ட்ராக்டில் "ரிஜெக்‌ஷன் 40% குறைக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறேன். இந்த எண்ணிக்கை அட்டவணை பிற்சேர்க்கையில் இருக்கிறது. ஐந்து பக்கத்தில் மொத்த எண் மட்டும்தான்.

தி.நகர்_தணிக்கை

பிற்சேர்க்கையில் எண்களைப் போடாதீர்கள்! நான் பி.காம், ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் செய்தேன். வாடிக்கையாளர் ஒருவரின் பேங்க் ஸ்டேட்மென்ட் நகலை அப்படியே பிற்சேர்க்கையில் வைத்துவிட்டேன். பைண்டிங் எல்லாம் முடிந்தபின் ஆடிட்டர் சார் பார்த்துவிட்டு, மூன்று காப்பியையும் திரும்ப வாங்கி அந்தப் பக்கங்களைக் கிழிக்கச் சொன்னார். மறுபடி பைண்டிங் செலவு, மறுபடி கையெழுத்து. கம்பெனி ரகசியம் வெளியே போகக் கூடாது. எல்லா எண்ணையும் எடுத்துவிட்டு "குறைந்தது" "கூடியது" என்று மட்டும் எழுதுங்கள்.

சிவப்புப்_பேனா

உங்கள் ஆடிட்டர் செய்தது நியாயம்தான், மேடம். ஆனால் தம்பியின் கேள்வி ரகசியத்தைப் பற்றியது இல்லை. ரகசியம் இருந்தாலும் எண்ணை எடுத்துவிட்டால் அறிக்கையே காலி. வாடிக்கையாளர் பெயரை "நிறுவனம் அ" என்று மாற்றலாம். பாகத்தின் பெயரை "மூடி" என்று மட்டும் சொல்லலாம். உற்பத்தி எண் வெளியே தெரியக் கூடாது என்றால் சதவீதமாக மட்டும் கொடுக்கலாம். எது செய்தாலும் பைண்டிங்குக்கு முன் சூப்பர்வைசரிடம் ஒரு முறை காட்டி, அவர் சரி என்று எழுதிய மெயிலை வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, "பெரிதாக ஒன்றும் இல்லை" என்றீர்கள். நான் பார்க்கும் முப்பதில் இருபத்தெட்டு அறிக்கையில் இவ்வளவுகூட இருக்காது. அதைத்தான் நீங்கள் பிற்சேர்க்கையில் ஒளித்துவைத்திருக்கிறீர்கள்.

வைவாவில் நான் கேட்கக்கூடிய முதல் கேள்வி இது: "வென்ட் சுத்தம் செய்ததால்தான் குறைந்தது என்று எப்படித் தெரியும்? அந்த வாரம் நைலான் மூட்டை மாறியிருக்கலாம். நன்றாக உலர்த்தியிருக்கலாம். ஆபரேட்டர் மாறியிருக்கலாம்." 3.5 சதவீதம் 2.1 ஆனது என்று மட்டும் வைத்திருந்தால் உங்களிடம் பதில் இல்லை. ஆனால் கேவிட்டி வாரியாகப் பாருங்கள். மற்ற மூன்று கேவிட்டிகள் சேர்ந்து முன்பு 6 ஷிஃப்டில் 250 ரிஜெக்ட், அதாவது 2 ஷிஃப்டுக்குச் சுமார் 83. சுத்தம் செய்தபின் 2 ஷிஃப்டில் 84. அசையவே இல்லை. மூன்றாவது மட்டும் 2 ஷிஃப்டுக்குச் சுமார் 113 என்று இருந்தது 34-க்கு இறங்கியது. மூட்டை மாறியிருந்தால், உலர்த்துவது மாறியிருந்தால், அது நாலு கேவிட்டியையும் தொட்டிருக்க வேண்டும். அதே மெஷின், அதே நைலான், அதே ஆபரேட்டர், அதே ஷாட். ஒன்றில் மட்டும் மாற்றம் என்றால் காரணம் அந்த ஒன்றில்தான் இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாமலேயே ஒப்பிட்டுப் பார்க்க மூன்று கேவிட்டிகளை வைத்திருந்திருக்கிறீர்கள். இந்தப் பத்தி அறிக்கையின் நடுவில் இருக்க வேண்டும், பக்கத்திலேயே அந்த அட்டவணையோடு.

"40%" என்பதை எடுத்துவிடுங்கள். எதிலிருந்து எதற்கு என்று சொல்லாத சதவீதத்தைப் பார்த்தாலே எங்களுக்குக் கை அரிக்கும். 3.5-லிருந்து 2.1, இத்தனை பீஸில், இத்தனை ஷிஃப்டில் என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

டூல்ரூம்_25வருஷம்

படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று சொல்ல வேண்டும். வென்ட்டைச் சுத்தம் செய்தது யார்? டூல்ரூம் ஆள். "ரிஜெக்‌ஷன் குறைக்கப்பட்டது" என்று எழுதினால் படிக்கிறவர் என்ன நினைப்பார், தம்பி குறைத்தார் என்றுதானே? இந்த மாதிரிப் பசங்க அறிக்கையில் எங்கள் வேலை எல்லாம் அவர்கள் வேலையாகிவிடும். இங்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த பையன்கூட டை மாற்றும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தேன் என்று எழுதிக்கொண்டு போனான்.

இன்னொன்று. மோல்டை இறக்கினால் நாங்கள் வென்ட்டை மட்டும் துடைப்பதில்லை. கேட்டையும் பார்ப்போம், மெட்டீரியல் கேவிட்டிக்குள் நுழைகிற அந்தச் சின்ன வாய். மூன்றாவது கேட்டில் ஏதாவது ஒட்டியிருந்து அதையும் எடுத்திருந்தால் ரிஜெக்ட் குறைந்தது வென்ட்டாலா, கேட்டாலா? உன் எண்ணிக்கை அதைச் சொல்லாது.

பட்டரவாக்கம்_லோக்கல்

அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம். நான் எண்ணியதுதான் என் வேலை, சுத்தம் செய்தது டூல்ரூம்தான். நாலு வென்ட்டையும் துடைத்தார்கள், மூன்றாவதில் மட்டும் கெட்டியாகப் படிந்திருந்தது, அதைப் பார்த்தேன். கேட்டைப் பார்த்தார்களா என்று நான் கவனிக்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

ரிஜெக்ட் பீஸ்களின் போட்டோ இருக்கிறது. மூன்றாவது கேவிட்டி பீஸ் நிறையவற்றில் நிரம்பாத மூலையில் பழுப்பாகக் கருகின மாதிரி ஒரு புள்ளி இருக்கும். அது எதற்காவது உதவுமா?

டூல்ரூம்_25வருஷம்

அடடே, அதை முதலில் சொல்லக் கூடாதா! காற்று வெளியே போக வழியில்லாமல் மூலையில் மாட்டினால் அழுத்தத்தில் சூடாகி பிளாஸ்டிக்கைக் கருக்கும். கேட் அடைத்தால் பீஸ் நிரம்பாது, ஆனால் கருகாது. அப்போது வென்ட்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இருந்தாலும் நூற்றுக்கு நூறு என்று எழுதாதே. நம்மிடம் கேட்டைப் பற்றிய பதிவு இல்லை.

சிவப்புப்_பேனா

இப்போது பாருங்கள், டூல்ரூம்காரர் இரண்டே பதிவில் ஒரு அத்தியாயத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். போட்டோ இரண்டாவது சான்று, கேட் உங்கள் ஆய்வின் எல்லை. இரண்டும் உள்ளே வர வேண்டும். எல்லை என்ற பகுதியில் பலர் "நேரமின்மை" என்று ஒரு வரி எழுதுவார்கள். அதைப் படித்து நான் சலித்துப்போயிருக்கிறேன். "மோல்டை இறக்கியபோது கேட்டும் சுத்தம் செய்யப்பட்டதா என்பது பதிவாகவில்லை, ஆகவே இரண்டின் விளைவையும் பிரிக்க முடியவில்லை. சுத்தத்துக்குப் பின் 2 ஷிஃப்ட் மட்டுமே எண்ணப்பட்டதால் வென்ட் மறுபடி எத்தனை நாளில் அடைக்கும் என்று தெரியாது." இப்படி எழுதிய மாணவனிடம் அதே விஷயத்தைக் குற்றமாகக் கேட்க எனக்கு மனது வராது.

வடிவத்துக்கு வருகிறேன். கம்பெனி அறிமுகம் 2 பக்கம் போதும். என்ன செய்கிறார்கள், உங்கள் பிரிவு எது, நீங்கள் யாருக்குக் கீழே இருந்தீர்கள். நிறுவனரின் பொன்மொழியும் விருதுப் பட்டியலும் வெப்சைட்டிலிருந்து எடுத்தது என்று எங்களுக்குத் தெரியும், ஒப்புமை பார்க்கும் மென்பொருளுக்கும் தெரியும். தியரியில் இந்த மூடி எப்படி வார்க்கப்படுகிறது, ஷார்ட் ஷாட் எதனால் வரும் என்பது மட்டும் 4 பக்கம். 21 பக்கத்தில் மீதி எதையும் உங்கள் வேலை தொடவில்லை. மெஷின்களில் அந்த ஒரு மெஷின் மட்டும், ஒரு பக்கம். அப்புறம் பிரச்சினை, எப்படி எண்ணினீர்கள், என்ன கிடைத்தது, எப்படிப் புரிந்துகொண்டீர்கள், எல்லை. இதற்கு 15 பக்கம் தாராளமாக வரும். எப்படி எண்ணினீர்கள் என்பதை அலட்சியமாக விடாதீர்கள். தொட்டியை எப்போது கொட்டினீர்கள், மெஷின் தொடங்கும்போது வரும் கழிவைச் சேர்த்தீர்களா விட்டீர்களா, எண் தெரியாத பீஸை என்ன செய்தீர்கள். இதில்தான் நீங்கள் அங்கே நின்றீர்களா என்று தெரியும்.

டைரி பிற்சேர்க்கைக்குப் போகட்டும். நான் அதை முழுக்கப் படிக்க மாட்டேன், ஆனால் நாலைந்து தேதியைத் தொட்டுப் பார்ப்பேன். ஒரு அறிக்கையில் மே 1 அன்று லைன் ஓடியதாகவும் மாணவர் ரீடிங் எடுத்ததாகவும் எழுதியிருந்தது. "மே தினத்தில் கம்பெனி திறந்திருந்ததா?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை சொன்ன உண்மையான விஷயங்களையும் நம்பச் சிரமமாகிவிட்டது. ஒரே இரவில் உட்கார்ந்து எழுதிய டைரி அப்படித்தான் இருக்கும்.

கிண்டி_சீனியர்

சார், அப்போது மொத்தம் 35 பக்கம்கூட வராதே? எங்கள் டிபார்ட்மென்ட்டில் 40 பக்கம் குறைந்தபட்சம் என்று சர்க்குலரே இருந்தது. நீங்கள் சொல்வதைக் கேட்டுப் பக்கங்களை எடுத்துவிட்டு மார்க் போனால் யார் பொறுப்பு?

சிவப்புப்_பேனா

சர்க்குலர் இருந்தால் சர்க்குலர்தான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. தம்பி முதலில் தன் டிபார்ட்மென்ட்டில் கேட்டுக்கொள்ளட்டும். குறைந்தபட்சம் இருந்தால் எண்ணிக்கைத் தாள்கள், போட்டோக்கள், டைரி எல்லாம் சேர்த்து அது நிரம்பிவிடும். தியரியால் நிரப்ப வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

பட்டரவாக்கம்_லோக்கல்

எங்கள் டிபார்ட்மென்ட்டில் பக்க வரம்பு இல்லை, இன்று கேட்டுவிட்டேன். இன்னொரு சந்தேகம். டூல்ரூம் அண்ணா சொன்னதற்காக "நான் எண்ணினேன், டூல்ரூம் சுத்தம் செய்தது" என்று எழுதலாமா? ஆங்கிலத்தில் அறிக்கை என்றால் எல்லாம் செயப்பாட்டு வினையில்தான் இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள்.

கிண்டி_சீனியர்

"நான்" வரவே கூடாது. எங்கள் கைடு சிவப்பில் சுழித்துவிடுவார்.

சிவப்புப்_பேனா

இதில் தேர்வர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. என்னோடு வரும் இன்னொரு தேர்வர் "நான்" என்று பார்த்தால் முகம் சுளிப்பார். எனக்கோ எல்லாம் "செய்யப்பட்டது" "கண்டறியப்பட்டது" என்று இருந்தால் யார் செய்தது என்று தேடித் தேடி அலுத்துவிடும். "நான்" வேண்டாம் என்று கைடு சொன்னால், "எண்ணிக்கையைப் பயிற்சி மாணவர் எடுத்தார், சுத்தம் டூல்ரூம் பணியாளர்களால் செய்யப்பட்டது" என்று எழுதலாம். ஆள் தெரிந்தால் சரி.

தி.நகர்_தணிக்கை

எங்கள் துறையில் "நான்" என்று எழுதித்தான் கொடுத்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு மாதிரி போலிருக்கிறது. பெயர் மாற்றும் யோசனைக்கு நன்றி சார், என் தங்கைக்குச் சொல்கிறேன். அவளும் அடுத்த மாதம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்குத்தான் போகிறாள்.

பட்டரவாக்கம்_லோக்கல்

புதிய அப்ஸ்ட்ராக்ட் எழுதினேன், ஆங்கிலத்தில்தான். தமிழில் சாரம் இது: "நைலான் மூடி வார்க்கும் நாலு கேவிட்டி மோல்டில் 6 ஷிஃப்டில் 16,800 பீஸில் 588 ரிஜெக்ட் ஆயின. கேவிட்டி வாரியாகப் பிரித்து எண்ணியதில் 338 மூன்றாவதில் வந்தது தெரிந்தது. டூல்ரூம் அந்தக் கேவிட்டியின் வென்ட்டைச் சுத்தம் செய்தபின் 2 ஷிஃப்டில் அதன் ரிஜெக்ட் 8.0 சதவீதத்திலிருந்து 2.4 ஆனது. மற்ற மூன்றிலும் மாற்றம் இல்லை. கேட் நிலை பதிவாகவில்லை." பழைய அப்ஸ்ட்ராக்டில் பாதிப் பக்கம் பிளாஸ்டிக் தொழிலின் வளர்ச்சியைப் பற்றி இருந்தது, அதை எடுத்துவிட்டேன்.

சிவப்புப்_பேனா

8.0 என்பது மூன்றாவது கேவிட்டியில் ஓடிய 4,200-இல் 338, சரியாகத்தான் கணக்கிட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த 4,200 எங்கிருந்து வந்தது என்று வைவாவில் கேட்பேன், தயாராக இருங்கள். நாலு வென்ட்டையும் துடைத்தார்கள் என்று முன்பு சொன்னீர்கள், இங்கே "அந்தக் கேவிட்டியின் வென்ட்" என்று இருக்கிறது. திருத்துங்கள்.

டூல்ரூம்_25வருஷம்

தம்பி, சர்டிஃபிகேட் வாங்கி எத்தனை நாள் ஆகிறது? ஒரு போன் போட்டுக் கேள், மூன்றாவது இப்போது எப்படி ஓடுகிறது என்று. நைலானில் வென்ட் மறுபடி படியும். எனக்குத் தெரிந்து படியாமல் இருந்ததில்லை.

பட்டரவாக்கம்_லோக்கல்

சூப்பர்வைசரிடம் பேசினேன். ஐந்து வாரம் ஆகிறது. மொத்த ரிஜெக்ட் மறுபடி கூடுகிறது என்றார். கேவிட்டி வாரியாகக் கேட்டால், "நீ போனதிலிருந்து யாருப்பா எண்ணினார்கள்?" என்றார். கேட்டையும் அன்று பார்த்ததாக டூல்ரூமில் ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார்.

சனிக்கிழமை வந்து ஒரு ஷிஃப்ட் எண்ணிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

கிண்டி_சீனியர்

சர்டிஃபிகேட் தேதிக்கு அப்புறம் எடுத்த எண்ணை அறிக்கையில் போட முடியாது. மாட்டிக்கொள்வாய்.

சிவப்புப்_பேனா

போடலாம். எந்தத் தேதியில் எடுத்தது, இன்டர்ன்ஷிப் காலத்துக்கு வெளியே எடுத்தது என்று அட்டவணைக்கு மேலேயே எழுதிவிட்டால் போதும் என்பது என் கருத்து. உங்கள் கைடு வேண்டாம் என்றால் தாளை மட்டும் வைவாவுக்குக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

பட்டரவாக்கம்_லோக்கல்

கைடிடம் நாளைக் காலை கேட்கிறேன். சனிக்கிழமை ஆறு மணி ஷிஃப்டுக்கு முதல் டிரெயினில் போகிறேன். எண்ணை இங்கே போடுகிறேன்.